ஆஃபர் வந்தாச்சு, ஜூலையில் பயணமும் இருக்கு: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?

"அக்கா, எனக்கு ஊர் கும்பகோணம் பக்கம். தஞ்சாவூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு செலக்ட் ஆகி, ஏப்ரல் 22 புதன்கிழமை ஆஃபர் மெயில் வந்தது. 27 திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லணும். ஜூன் 1 ஜாயினிங், சம்பளம் 45,000. ஜூலை 1 புதன்கிழமை அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அது முடிந்து 3-ஆம் தேதி ராத்திரி திருச்சியிலிருந்து அப்பா அம்மாவை சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். 11 சனிக்கிழமை திரும்புகிறோம். டிக்கெட் எடுத்தாச்சு. இன்டர்வியூவில் இதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் ஆஃபரை ரத்து பண்ணிடுவாங்களா? சேர்ந்த பிறகு மேனேஜரிடம் பேசிக்கலாம்னு தோழி சொல்றா."

திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். ஆஃபருக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். பழைய ஆபீஸில் ராஜினாமா கடிதம் கொடுப்பது அதற்கும் பிறகுதான். முதலில் தேதியைச் சொல்வது, அப்புறம் எழுத்தில் பதில் வாங்குவது, அப்புறம் சம்மதம், கடைசியாக ராஜினாமா. இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து. மாறாத வரைக்கும் உங்கள் தஞ்சாவூர் வேலை உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் எதையும் இழக்கவில்லை.

நான் பத்தொன்பது வருடமாக எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். முதலில் திருச்சி, பிறகு சென்னை, இப்போது மறுபடியும் நம் பக்கம். ஆஃபர் கொடுத்த பிறகு "எனக்கு இந்தத் தேதியில் ஒரு பயணம் இருக்கிறது" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒன்றிரண்டு வாரப் பயணத்தைச் சொன்னதற்காக நான் யாருடைய ஆஃபரையும் திரும்ப வாங்கியதில்லை. ஜாயினிங் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறோம், நாளைக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம், சம்பளம் இல்லாத விடுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். சேர்ந்த பிறகு திடீரென்று சொன்னவர்களிடம்தான் பிரச்சினை வந்தது.

இதற்குக் காரணம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். இன்டர்வியூ நடக்கும்போது நீங்கள் நான்கைந்து பேரில் ஒருவர். அப்போது ஒன்பது நாள் விடுப்பு என்று சொன்னால், மற்றவரோடு ஒப்பிடும்போது அது உங்களுக்கு எதிராகப் போகலாம். அதனால் இன்டர்வியூவில் சொல்லாமல் விட்டது தப்பில்லை, அதை நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் ஆஃபர் மெயில் வந்துவிட்டது என்றால், அங்கே பல வேலைகள் முடிந்துவிட்டன என்று அர்த்தம். மேனேஜர் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார், சம்பளத்துக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கியாச்சு, மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லியாச்சு. உங்களை விட்டுவிட்டு மறுபடி ஆள் தேட ஆரம்பித்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த எச்.ஆர். அம்மாவுக்கு அதைவிட ஒன்பது நாள் விடுப்பு சின்ன விஷயம். உங்கள் வார்த்தைக்கு மதிப்பு அதிகமாக இருக்கும் நேரம் ஆஃபருக்கும் சம்மதத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த நான்கைந்து நாள்தான்.

சேர்ந்த பிறகு என்ன ஆகும்? ஜூன் 1-ஆம் தேதி காலையிலிருந்து நீங்கள் விடுப்பு விதிக்குள் வந்துவிடுவீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று இருக்கிறது. உங்களைப் போல ஆபீஸில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் அடிப்படை. அதன்படி சம்பளத்தோடு கூடிய 12 நாள் ஈட்டிய விடுப்பு, தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை பார்த்த பிறகுதான் உரிமையாக வரும். முதல் வருடத்தில் தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் உண்டு, ஒவ்வொன்றும் வருடத்துக்கு 12 நாள் வரை. ஆனால் தற்செயல் விடுப்பை மாதம் ஒன்று என்றுதான் பல கம்பெனிகள் வரவு வைக்கின்றன, சேர்ந்தாற்போல இரண்டு மூன்று நாளுக்கு மேல் எடுக்க விடுவதில்லை. ஆக, சேர்ந்த ஐந்தாவது வாரத்தில் ஒன்பது நாள் கேட்டால் உங்கள் கணக்கில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மேனேஜர் நல்லவராக இருந்து சரி என்று சொன்னாலும் கம்ப்யூட்டர் அந்த விண்ணப்பத்தை ஏற்காது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை உங்கள் தோழி யோசித்திருக்க மாட்டார். நீங்கள் போவது அக்கவுண்ட்ஸ் வேலை. ஜூன் 30 காலாண்டு முடியும் நாள். ஜூலை முதல் பத்து நாள் அந்தப் பிரிவில் யாரும் தலை நிமிர மாட்டார்கள். ஜூன் மாதம் பிடித்த டி.டி.எஸ். வரியை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனியாக இருந்தால் ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனைக் கணக்கு 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். மாதக் கணக்கும் காலாண்டுக் கணக்கும் சேர்ந்து முடிக்கும் நேரம் அது. நீங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர், இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மேனேஜர் இந்த நேரத்தில் ஒரு ஆள் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் ஜூன் 1 ஜாயினிங் கேட்டிருப்பார். அவரிடம் ஜூன் 22-ஆம் தேதி போய் "அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், அங்கிருந்து சிங்கப்பூர்" என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள். ஏப்ரலில் தெரிந்தால் அவருக்கு இரண்டு மாதம் இருக்கிறது, வேறு ஆளை வைத்து வேலையைப் பிரித்துவிடுவார்.

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவர், நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இதையேதான் செய்தார். அண்ணன் கல்யாணம், ஆவணியில். சேரும்போது சொல்லவில்லை, சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். சேர்ந்து மூன்றாவது வாரம் பத்து நாள் கேட்டார். மேனேஜர் மூன்று நாள்தான் தர முடியும் என்றார். இவர் கல்யாணத்துக்குப் போய்ப் பத்து நாளும் இருந்துவிட்டு வந்தார். அந்த ஏழு நாளும் அனுமதியில்லாமல் வராத நாள் என்று பதிவானது, தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீண்டது. வேலையில் கெட்டிக்காரர். ஆனால் அந்த மேனேஜர் அதற்குப் பிறகு முக்கியமான எந்த வேலையையும் அவரை நம்பிக் கொடுக்கவில்லை, ஒரு வருடத்துக்குள் அவராகவே போய்விட்டார். ஆஃபர் வந்த அன்றே சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாளை நானே எழுதிக் கொடுத்திருப்பேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் பயணத்தைப் பிரித்து எழுதுங்கள். அதில் எது அசையாதது, எது அசையக் கூடியது?

அறுபதாம் கல்யாணம் அசையாது. அப்பா பிறந்த தமிழ் மாதத்தில், அவருடைய ஜென்ம நட்சத்திரம் வரும் நாளைப் பார்த்து வைத்தது. அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. முந்தின நாளே போய்ச் சேர வேண்டும், அன்றைக்கே பூஜைகள் ஆரம்பமாகிவிடும். அதனால் ஜூன் 30 செவ்வாயும் ஜூலை 1 புதனும் கண்டிப்பாக வேண்டும். 2 வியாழனும் 3 வெள்ளியும் வந்தவர்களை அனுப்பி வைத்து, மூட்டை கட்டி, திருச்சிக்குப் போகும் நாள்கள். இதுவரை நான்கு வேலை நாள். அப்புறம் 6 திங்கள் முதல் 10 வெள்ளி வரை சிங்கப்பூரில், ஐந்து வேலை நாள். 13 திங்கட்கிழமை மறுபடி வேலைக்கு. மொத்தம் ஒன்பது வேலை நாள்.

அந்தக் கடைசி ஐந்து நாள்தான் அசையக் கூடியது. அப்பா அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் 5 ஞாயிறு அன்றே திரும்ப முடியுமா? டிக்கெட்டை மாற்ற எவ்வளவு கேட்பார்கள்? வரும்போது பெரியவர்கள் தனியாக விமானம் ஏறுவார்களா, இல்லை அக்கா கூட வருவாரா? இதை வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிடம் முதலிலேயே இதைச் சொல்ல வேண்டாம். ஒன்பது நாளைத்தான் கேளுங்கள். ஆனால் "ஒன்பது நாள் கஷ்டம், கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று அவர்கள் கேட்டால், போனிலேயே தடுமாறாமல் "நான்கு நாளாக்கிக்கொள்கிறேன், 6-ஆம் தேதி திங்கட்கிழமை வந்துவிடுவேன்" என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அப்படி வந்தால் 7-ஆம் தேதி டி.டி.எஸ். கட்டும்போதும் ஜி.எஸ்.டி. வேலையிலும் நீங்கள் இருப்பீர்கள். மேனேஜர் உண்மையில் கவலைப்படுவது அந்த வாரத்தைப் பற்றித்தான்.

யாரிடம் சொல்வது? ஆஃபர் மெயில் யார் பெயரில் வந்ததோ, அந்த எச்.ஆரிடம். இன்டர்வியூ எடுத்த மேனேஜரின் நம்பர் உங்களிடம் இருந்தாலும் அவரை முதலில் கூப்பிட வேண்டாம். அவர் "பார்த்துக்கலாம்மா, வாங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார், அது எங்கேயும் பதிவாகாது. கன்சல்டன்சி மூலம் வந்த வேலை என்றால் கன்சல்டன்சிக்காரரிடம் சொன்னதும் கணக்கில் வராது. நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன், அதனால் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார்.

முதலில் போன், அதே நாளில் மெயில். போனில் இரண்டு நிமிடம் போதும். ஆஃபருக்கு நன்றி, சேர விருப்பம் இருக்கிறது, சம்மதம் அனுப்புவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, தேதியைச் சொல்லி, "சம்பளம் இல்லாத விடுப்பாக எடுத்துக்கொள்கிறேன், இது உங்களுக்குச் சரிவருமா" என்று கேளுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்று ஆரம்பித்துக் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்கள். காரணத்துக்கு ஒரு வரி போதும். எச்.ஆர். வேறு மாநிலத்துக்காரராக இருந்தால் சஷ்டியப்தபூர்த்தி என்றால் புரியாமல் போகலாம், "அப்பாவின் அறுபதாம் ஆண்டு நிறைவுச் சடங்கு, பஞ்சாங்கப்படி குறித்த தேதி, மாற்ற முடியாது" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

மெயில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். அதில் இருக்க வேண்டிய செய்தியைத் தமிழில் தருகிறேன், உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"இன்று போனில் பேசியபடி, ஆஃபரை ஏற்று ஜூன் 1 அன்று சேர விரும்புகிறேன். அதற்கு முன், ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஒரு பயணத்தைத் தெரிவிக்கிறேன். ஜூன் 30 செவ்வாய் முதல் ஜூலை 10 வெள்ளி வரை, ஒன்பது வேலை நாள்கள், நான் விடுப்பில் இருக்க வேண்டும். ஜூலை 13 திங்கள் வேலைக்குத் திரும்புவேன். ஜூலை 1 அன்று என் தந்தையின் அறுபதாம் ஆண்டு நிறைவுச் சடங்கு, அதைத் தொடர்ந்து பெற்றோருடன் வெளிநாட்டுப் பயணம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்த நாள்களைச் சம்பளம் இல்லாத விடுப்பாக எடுத்துக்கொள்ளச் சம்மதம். காலாண்டு முடியும் நேரம் என்பது தெரியும். ஜூன் 29 வரை என் பங்கு வேலைகளை முன்கூட்டியே முடித்துத் தருகிறேன். நான் சேரவிருக்கும் பிரிவின் மேனேஜருக்கும் இதைத் தெரிவித்து, இரு தரப்பிலும் சம்மதம் என்று பதில் அனுப்பினால், 27-ஆம் தேதிக்குள் ஆஃபரை ஏற்று அனுப்புகிறேன்."

அவ்வளவுதான். தேதியோடு கிழமையைப் போடுங்கள், வேலை நாளின் எண்ணிக்கையைப் போடுங்கள், திரும்பும் நாளைப் போடுங்கள். "ஜூலை முதல் வாரத்தில் ஒரு சின்னப் பயணம்" என்று எழுதினால் படிப்பவர் மூன்று நாள் என்று நினைத்துக்கொள்வார். டிக்கெட் பணம் திரும்ப வராது என்று, உண்மையில்லாவிட்டால், எழுத வேண்டாம். லேப்டாப் எடுத்துப் போய் அங்கிருந்து வேலை பார்க்கிறேன் என்று ஆர்வத்தில் எழுதிவிடவும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கம்பெனி கணக்கைத் திறக்கப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும், கணக்கு வழக்கு சம்பந்தப்பட்ட வேலையில் இன்னும் கண்டிப்பு. அந்த ஒரு வரியால் விஷயம் ஐ.டி. பிரிவு வரைக்கும் போய்ச் சிக்கலாகும். விடுப்பை விடுப்பு என்றே கேளுங்கள்.

இந்த மெயிலில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஒரு நாள், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஒரு நாள், தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் என்று வருடத்துக்கே பட்டியல் போட்டு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாம் சேர்ந்த பிறகு சாதாரணமாகக் கேட்டு எடுக்கும் விடுப்புகள். முதல் மூன்று மாதத்துக்குள் வந்து, சேர்ந்தாற்போல மூன்று நாளுக்கு மேல் போகும் விடுப்புகள்தான் ஆஃபர் நேரத்தில் சொல்ல வேண்டியவை.

பதில் வந்ததும் அதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் தேதிகளைத் திருப்பி எழுதி, சம்பளம் இல்லாத விடுப்பாக அனுமதிக்கிறோம், மேனேஜருக்கும் தெரியும் என்று வந்தால் அது சம்மதம். "குறித்துக்கொண்டோம்" என்று ஒற்றை வரி வந்தால் அது பாதிச் சம்மதம்தான். "நன்றி, அப்படியானால் ஜூன் 30 முதல் ஜூலை 10 வரை விடுப்பு உறுதி என்று எடுத்துக்கொள்கிறேன், மேனேஜரிடமும் பேசியாகிவிட்டதா" என்று மரியாதையாகத் திரும்பக் கேளுங்கள். "முதலில் சேருங்கள், அப்புறம் மேனேஜரோடு பேசி முடிவு செய்யலாம்" என்று வந்தால், அதைச் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மேனேஜரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அவரோடு ஐந்து நிமிடம் போனில் பேச ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் பேசியதை நீங்களே சுருக்கி எச்.ஆருக்கு மெயில் போடுங்கள்.

நான் இவ்வளவு எழுத்து எழுத்து என்று சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் காரணம். இரண்டாவது வேலைக்குப் போகும்போது நானும் ஒரு பயணத்தைப் போனில் மட்டும் சொன்னேன். பேசியவர் நல்ல மனிதர், சரி என்றார். நான் சேர்வதற்குள் அவர் அந்தக் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்தில் வந்தவருக்கு எதுவும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு வரி கூட இல்லை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வீட்டில் எல்லோரும் போனார்கள், நான் மட்டும் அந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அதைப் பல வருடம் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். எச்.ஆரில் ஆள் மாறுவது சகஜம், இரண்டு மாத இடைவெளியில் தாராளமாக நடக்கும். மெயில் மட்டும் இருந்தால் வருகிறவர் அதைப் படித்துவிட்டு ஒத்துக்கொள்வார்.

இப்போது நாள்களை எண்ணுவோம். இன்று வியாழன், 23. இன்றே போனும் மெயிலும் போனால், வெள்ளி முழுவதும் அவர்களுக்கு இருக்கிறது. சனி ஞாயிறு போகட்டும். திங்கள் காலை பத்து மணிக்குப் பதில் இல்லை என்றால் ஒரு போன். மேனேஜர் ஊரில் இல்லை, இரண்டு நாள் வேண்டும் என்றால், சம்மதத்துக்கான கெடுவை 29 வரை நீட்டித்து ஒரு மெயில் கேளுங்கள், இதைப் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பல கம்பெனிகளில் இப்போது ஒரு இணைய பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தித்தான் ஆஃபரை ஏற்க வேண்டியிருக்கிறது, அங்கே எதுவும் எழுத இடம் இருக்காது. அதனால் மெயிலில் பதில் வந்த பிறகு அந்தப் பொத்தானைத் தொடுங்கள். உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் முப்பது நாள் நோட்டீஸ் என்றால், 29 புதன்கிழமை கடிதம் கொடுத்தாலும் மே 29 வெள்ளிக்கிழமை விடுவிப்பு வாங்கி, ஜூன் 1 திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். நேரம் நெருக்கம்தான், ஆனால் போதும்.

இன்னொரு வழியும் சிலர் சொல்வார்கள்: ஜாயினிங்கையே ஜூலை 13-க்குத் தள்ளி வைத்துவிட்டால் என்ன? உங்கள் விஷயத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன். மே கடைசியில் விடுவிப்பு வாங்கினால் ஆறு வாரம் சம்பளம் இல்லை. ஆடிட்டர் ஆபீஸிலேயே ஜூன் கடைசி வரை இருக்கலாம் என்றாலும், புதுக் கம்பெனிக்காரர்கள் அந்தக் காலாண்டு வேலைக்கு ஆள் இல்லாமல் காத்திருக்க வேண்டும். பயணம் சேர்ந்த முதல் இரண்டு வாரத்துக்குள் வந்தால், அல்லது ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால், அல்லது கூட்டமாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் வேலையாக இருந்து அந்தப் பயிற்சி நாளில் விழுந்தால், அப்போது ஜாயினிங்கைத் தள்ளக் கேட்பதுதான் சரி. நடுவில் எழுந்து போவதை விட முழுதாகப் பிறகு வருவது அவர்களுக்கும் வசதி. உங்களுக்கு முன்னால் நான்கு வாரம் இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் வேலையையும் ஆள்களையும் புரிந்துகொண்டுவிடுவீர்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். சம்பளம் இல்லாத விடுப்பை எல்.ஓ.பி. என்பார்கள். மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் நாள்களால் வகுப்பது ஒரு முறை. அதன்படி ஜூன் 30 ஒரு நாளுக்கு 45,000-ஐ 30-ஆல் வகுத்தால் 1,500 ரூபாய். ஜூலையில் 31-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 1,452. ஜூலையில் எட்டு வேலை நாள் என்றால் சுமார் 11,613 பிடிப்பார்கள். இரண்டையும் சேர்த்தால் 13,113.

ஆனால் நடுவில் 4 சனி, 5 ஞாயிறு இருக்கிறது. விடுப்புக்கு நடுவில் மாட்டிய வார விடுமுறையையும் விடுப்பாகவே எண்ணும் விதி சில கம்பெனிகளில் உண்டு, சாண்ட்விச் விதி என்பார்கள். அது இருந்தால் ஜூலையில் பத்து நாள் ஆகிவிடும், மொத்தப் பிடித்தம் சுமார் 16,016. ஏறக்குறைய 2,900 ரூபாய் வித்தியாசம். சில இடங்களில் 30 என்றோ 26 என்றோ நிலையாக வைத்து வகுப்பார்கள், அப்போது தொகை மாறும். எப்படிக் கணக்கிடுவார்கள் என்று பதில் வந்த பிறகு ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள், இதற்காக விடுப்பையே பேரம் பேச வேண்டாம். சம்பளம் இல்லாத நாளுக்கு பி.எஃப். பங்கும் வராது, அது கணக்கில் பங்களிப்பு இல்லாத நாள் என்று பதிவாகும். இதனால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. தகுதிகாண் காலம் அந்த ஒன்பது நாளால் நீளுமா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்டாலும் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரி என்று வந்த பிறகு ஒரு நல்ல வேலை செய்துகொள்ளலாம். ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஜூன் 29 திங்கட்கிழமை வேலை முடிந்து சென்னையில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் மயிலாடுதுறையில் இறங்கலாம், அங்கிருந்து திருக்கடையூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த டிக்கெட் ஏப்ரல் 30 காலையில் திறக்கும். உங்கள் பதில் மெயில் 29-க்குள் வந்துவிட்டால் அடுத்த நாள் காலையில் ஐ.ஆர்.சி.டி.சி.யில் உட்கார்ந்துவிடுங்கள்.

ஜூன் 1 சேர்ந்ததும் அந்த மெயிலின் பிரதியைப் போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே விடுப்பு விண்ணப்பத்தை அவர்களுடைய மென்பொருளில் போட்டுவிடுங்கள். தகுதிகாண் காலத்தில் விடுப்புக் கணக்கு பூஜ்யம் என்று அது மறுக்கலாம். பயப்பட வேண்டாம், சம்பளம் இல்லாத விடுப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, மெயிலை இணைத்துப் பாருங்கள். அதுவும் போகவில்லை என்றால் எச்.ஆரிடம் சொல்லி அவர்கள் பக்கத்திலிருந்து போடச் சொல்லுங்கள். மேனேஜரிடம் முதல் நாளே எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, "ஜூன் 30 முதல் நான் இருக்க மாட்டேன் என்று எச்.ஆர். சொல்லியிருப்பாங்க சார், அதற்கு முன்னால் என் பங்கில் எதை முடிக்கணும்" என்று கேளுங்கள். அவர் மறந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், இன்னும் மூன்றரை வாரம் இருக்கும். கடைசி வாரத்தில் யாரிடம் எதை ஒப்படைத்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அவருக்கும் அந்தச் சக ஊழியருக்கும் அனுப்பிவிட்டு ரயில் ஏறுங்கள்.

ஜூலை மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் ஒரு தடவை நாளை எண்ணிப் பாருங்கள். சம்பளக் கணக்கு மாதக் கடைசிக்கு ஒரு வாரம் முன்னாலேயே மூடப்படுவதால், ஜூன் 30 ஒரு நாள் பல இடங்களில் ஜூன் சீட்டில் வராமல் ஜூலையில் சேர்ந்து வரும், அது தப்பில்லை. அனுமதி பதிவாகாமல் போனால் சில நாள் "வரவில்லை" என்ற தனித் தலைப்பில் இருக்கும், அல்லது ஒரே நாள் இரண்டு இடத்தில் பிடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த ஏப்ரல் மெயிலை இணைத்து, ஆகஸ்ட் சம்பளக் கணக்கு மூடுவதற்குள் திருத்தச் சொல்லி எழுதுங்கள். பிடித்த பணம் அடுத்த மாதம் திரும்ப வந்துவிடும், "வரவில்லை" என்ற பதிவும் உங்கள் பெயரிலிருந்து போய்விடும்.